வைவாவில் மாட்டிக்கொண்ட 0.025

நிலா_கெம்
முதுகலை செய்முறைத் தேர்வு, குளுக்கோஸ் மியூட்டாரொட்டேஷன், 25 டிகிரி. ஆல்ஃபாவைக் கரைத்து, போலாரிமீட்டரில் சுழற்சி பார்த்து, ln(θ − θ∞) வரைந்தேன். நேர்கோடு, சாய்வு நிமிடத்துக்கு 0.025. "ஆல்ஃபா பீட்டாவா மாறுற மாறிலி இதுதான் சார்" என்றேன். "பீட்டால ஆரம்பிச்சா?" என்றார். "குறையும் சார்." அவர் எதுவும் பேசாமல் பக்கத்து மாணவியின் நோட்டைத் திருப்பி வைத்தார். அவள் பீட்டாவில் தொடங்கியவள். அவளுக்கும் 0.025. இன்னும் காது சுடுது.

பழைய_லேப்காரன்
சாய்வு முன்வினை மாறிலி kf, பின்வினை மாறிலி kr ரெண்டின் கூட்டல் அம்மா, அதனால்தான் எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒன்றே. சமநிலையை விட ஆல்ஃபா கொஞ்சம் கூடுதலா இருந்தா, பீட்டா அதே அளவு குறைவா இருக்கும். கூடுதல் ஆல்ஃபா முன்வினையை வேகமாக்கும், பீட்டாவின் குறைவு பின்வினையை மந்தமாக்கும். ரெண்டும் சேர்ந்தே இடைவெளியை மூடுது. சமநிலையில் 64% பீட்டா, 36% ஆல்ஃபா. அந்த விகிதத்தில் 0.025-ஐப் பிரித்தால் kf 0.016, kr 0.009.

குமிழி
ஒத்துக்க மாட்டேன். முதல் நொடியில் பீட்டாவே கிடையாது, பின்வினை எங்கிருந்து வந்தது? ஆரம்பச் சாய்வு kf தான்.

பழைய_லேப்காரன்
பாதி சரி. நீங்க சொல்றது ஆல்ஃபா குறையும் வேகம். சுழற்சி 112-ல் தொடங்கி 52.7-க்கு வருது, இடைவெளி 59.3. அதை 0.025-ஆல் பெருக்கினால் முதல் நிமிடத்தில் இறங்குவது சுமார் 1.5. முழுக்க பீட்டாவானால் 18.7 வரை, அதாவது 93.3 இறங்கணும். 1.5-ஐ அதால் வகுங்க, 0.016 வரும். உங்க kf அங்கே இருக்கு. நிலா வரைந்தது சமநிலையிலிருந்து உள்ள தூரத்தை.

ஆறாம்_மேசை
என் கதை θ∞. ரெண்டு மணி நேரத்தில் பொறுமை போய், 55.6-ஐக் கடைசி அளவுன்னு எழுதிட்டேன். கோடு முதலில் ஒழுங்கா வந்து, கடைசியில் கீழே வளைஞ்சுது, மாறிலி கூடிப்போச்சு. யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்றேன்: அரை ஆயுள் 28 நிமிஷம், பத்து அரை ஆயுளாவது விடுங்க, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அவசரம்னா அளவுகள் முடிஞ்ச பிறகு ஒரு துளி அம்மோனியா. அது ரெண்டு பக்கத்தையும் ஒரே விகிதத்தில் வேகமாக்கும், சமநிலை மாறாது. முன்னாடியே விட்டா 0.025-ஐ மறந்துடுங்க. கழுவாத பிப்பெட்டில் ஒட்டின காரமே போதும்.

புரதப்பித்தன்
நான் புரதத்தோட லிகண்ட் சேர்றதைப் பார்க்கிறேன். லிகண்ட் செறிவு கூடக்கூட, வரைபடத்தில் கிடைக்கிற மாறிலி kobs ஏறுது. கூட்டல்னா மாறாமத்தானே இருக்கணும்?

பழைய_லேப்காரன்
உங்க முன்வினையில் லிகண்டும் இருக்கே. அது மிகுதியா இருந்தால் kobs = kon[L] + koff. kobs-ஐ [L]-க்கு எதிரா வரைந்தால் சாய்வு சேரும் மாறிலி kon, வெட்டுத்துண்டு பிரியும் மாறிலி koff.

புரதப்பித்தன்
வெட்டுத்துண்டு மைனஸ்ல வருது சார்.