கரப்பான் மருந்து பட்ட நெத்திலிக் கருவாட்டைச் சமைக்கலாமா?

மண்டபத்து இல்லத்தரசி: நேற்று என் மகன் கரப்பான் பூச்சி மருந்தை அடித்தபோது, திறந்திருந்த ஓலைக் கொட்டானில் இருந்த இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டின் மேல் அது பட்டுவிட்டது. பக்கத்தில் இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில் அரிசி இருந்தது. இவற்றை உண்ணலாமா?

பாம்பன் கரைக்காரர்: கல் உப்பு நீரில் நன்றாக அலசி, மணலில் பாய் விரித்து இரண்டு நாள் காய வைத்தால் போதும், தங்கச்சி. நம்முடைய வெயிலுக்கு எந்த மருந்தும் நிற்காது. இன்று காலை நெடி இருந்ததா?

மண்டபத்து இல்லத்தரசி: நெடி இல்லை, அண்ணே. மேலிருந்த சில மீன்களில் மட்டும் எண்ணெய் தெறித்தது போன்ற பளபளப்பான புள்ளிகள் தெரிகின்றன.

பூச்சிமருந்துக் கடையில் இருந்தவர்: அந்தப் புள்ளிகளைக் கவனியுங்கள். நெடி பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் மண்ணெண்ணெய் வகைத் திரவத்திலிருந்து வருவது. அது ஆவியாகிப் போன பின்னும் சைபர்மெத்ரின் போன்ற மருந்து மீனிலேயே தங்கிவிடும். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதால், எண்ணெய்ப்பசை உள்ள கருவாட்டை உப்பு நீரில் எத்தனை முறை அலசினாலும் முழுவதும் போகாது. வெயில் மேற்பரப்பில் இருப்பதை ஓரளவு சிதைக்கும் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் உள்ளே ஊறியதை வெயில் எட்டாது, குழம்பில் கொதிக்க வைப்பதையும் நம்ப முடியாது. கருவாட்டை அப்புறப்படுத்திவிடுங்கள். டப்பாவின் வெளிப்புறத்தையும் மூடியின் விளிம்பையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகு திறந்தால், அரிசியைப் பயன்படுத்தலாம்.

பாம்பன் கரைக்காரர்: அடியில் கிடக்கும் ஒரு கிலோவில் மருந்து படவே இல்லையே? வீசுவதற்கு மனம் வரவில்லை என்றால் பூனைக்காவது போடலாமே.

பூச்சிமருந்துக் கடையில் இருந்தவர்: பூனைக்கு மட்டும் போடாதீர்கள். இந்த வகை மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் உடலில் மிகக் குறைவு; உடல் நடுங்கி வலிப்பு வந்து இறந்துவிடக்கூடும். அடிக் கருவாட்டைப் பொறுத்தவரை, சாரல் இடுக்கு வழியாக எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லாததால் நான் எடுக்க மாட்டேன்.

தொண்டி வாசகர்: எங்கள் வீட்டில் பினாயில் டப்பாவுக்கு அருகில் பாலித்தீன் பையில் வைத்த அரிசி, கசிவு எதுவும் இல்லாமலேயே, சோறாக்கிய பிறகும் பினாயில் வாடை அடித்தது.

பூச்சிமருந்துக் கடையில் இருந்தவர்: மெல்லிய பாலித்தீன் வழியாக ஆவி உள்ளே போகும். சோற்றிலும் வாடை இருந்தால் உண்ண வேண்டாம். மருந்து பட்ட கருவாட்டை யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு வாந்தி, அதிக எச்சில், நடுக்கம் ஏதேனும் கண்டால், வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கும்போது மருந்தைக் கரைத்திருக்கும் அந்த மண்ணெண்ணெய் வகைத் திரவம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

பாம்பன் கரைக்காரர்: மேலடுக்கை வீசுவதற்கு ஒப்புக்கொள்கிறேன். அடியில் இருப்பதைப் பற்றி எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

மண்டபத்து இல்லத்தரசி: டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன், ஐயா. நாய், பூனை கிளறாதபடி கருவாடு முழுவதையும் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறேன்.