யாப்பில் இருக்கிற ‘ஷல்’ எல்லாவற்றையும் ‘மஸ்ட்’ ஆக்கலாமா? அவசரம்

வட்டைக்காரன்: ஒரு அமைப்பின் பழைய ஆங்கில யாப்பை எளிய ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் 41 ஷல். ஒரேயடியாக எல்லாவற்றையும் மஸ்ட் ஆக்கினேன். சில வரி வாசிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. வில் போட்டால் சரியாகுமா? நாளைப் பின்னேரம் கொடுக்க வேணும்.

கல்லடிப் பாலம்: என்ன அமைப்பு? ஏற்கெனவே பதிவான யாப்பா, புதிதா? ஒரு மாதிரி இருக்கிற வரி எது?

ஓய்வுநிலை ஆசான்: ஐ, வீ வந்தால் ஷல். மற்றவற்றுக்கு வில். எட்டாம் வகுப்புப் பாடம். இதற்கெல்லாம் இழை திறக்கிற காலம்!

மொழிபெயர்ப்பு மேசை: சேர், அந்தப் பாடம் எதிர்காலம் சொல்வதற்கு. யாப்பில் ‘மெம்பர் ஷல்’ என்றால் நாளை நடப்பதைச் சொல்லவில்லை, கடமையைச் சொல்கிறது. தம்பி, வரிகளைப் போடுங்கள்.

வட்டைக்காரன்: மன்னிக்கணும். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பு, பதிவானது. போனில் ஆங்கிலம் தட்டுவது கஷ்டம், தமிழில் சொல்கிறேன்.
3: உறுப்பினர் என்றால் இந்த வட்டையில் வேளாண்மை செய்பவர் (ஷல் மீன்).
7: விதைப்புக்கு முன் உறுப்பினர் தன் பங்கு வாய்க்காலைத் துப்புரவாக்குவது (ஷல் கிளீன்).
8: 70 வயது கடந்தவர் வாய்க்கால் வேலைக்கு வருவது (ஷல் நாட் பி ரிக்குவயர்ட்).
12: கூட்ட அறிவித்தல் 14 நாளுக்கு முன் (ஷல் பி கிவின்).
15: இரண்டு போகம் சந்தா கட்டாதவர் உறுப்பினராக இருப்பது நின்றுபோகும் (ஷல் சீஸ்).

மருதமுனை நானா: 8க்கு ‘மஸ்ட் நாட் கம்’ என்று போடுங்க, முடிஞ்சுது.

மொழிபெயர்ப்பு மேசை: நானா, அப்படிப் போட்டால் 70 வயதுக்காரர் ஆசைப்பட்டு மண்வெட்டியோடு வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டிவரும்! வரத் தேவையில்லை என்பது வேறு, வரக் கூடாது என்பது வேறு. அங்கே ‘டஸ் நாட் ஹேவ் டு’ தான்.

தம்பி, ஷல்லை எடுத்துவிட்டு ‘இவருக்கு இந்தக் கடமை உண்டு’ என்று வைத்துப் பாருங்கள். 7இல் பொருந்துகிறது, ஆகவே மஸ்ட். 3இல் ஒரு சொல்லுக்குக் கருத்துச் சொல்லும் கடமை எப்படி வரும்? வெறும் ‘மீன்ஸ்’ போதும். 15உம் அப்படியே. உறுப்புரிமை தானாக நின்றுபோகிறது, நிறுத்துவது அவருடைய கடமையில்லை. மஸ்ட் போட்டால் அவரே எழுதிக் கொடுத்து விலக வேண்டும் என்றாகும். அவர் எழுதாவிட்டால் உறுப்பினராகவே இருப்பார். நிகழ்காலத்தில் ‘சீசஸ்’ என்று எழுதுங்கள்.

12இல் சிக்கல் ஷல்லில் இல்லை. அறிவித்தல் கொடுப்பது யார்? செயலாளரா, வட்டவிதானையா? அந்த ஆளை எழுவாயாக்கி மஸ்ட் போடுங்கள். ஆள் யாரென்று யாப்பில் இல்லாவிட்டால் நீங்களாக நிரப்பக் கூடாது, குழுவிடம் கேளுங்கள்.

கல்லடிப் பாலம்: வில்லுக்கு இடமே இல்லையா? வட்டவிதானைக்குப் போய் மஸ்ட் என்று எழுதினால் மனுஷன் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வில் மரியாதையாக இருக்குமே.

மொழிபெயர்ப்பு மேசை: மரியாதைக்காகப் போட்டு, அவர் செய்யாமல் விட்டால் ‘செய்வேன் என்று நினைத்திருந்தேன்’ என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் ‘7 நாளில் பதில் தருவோம்’ என்பதற்கு வில் நல்லது, அது நம் வாக்கு. ஒப்பந்தங்களில் இரண்டு தரப்புக்கும் வில் போடுகிறவர்களும் உண்டு. அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ஆவணத்தில் பாதி மஸ்ட், பாதி வில் என்று கலந்தால் இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று வாசிப்பவர் தேடுவார்.

ஓய்வுநிலை ஆசான்: ஐஎஸ்ஓ தர ஆவணங்களில் இன்றும் ஷல்தான், அதற்குப் பதிலாக மஸ்ட் போடக் கூடாது என்றே விதி. தெரியுமா?

மொழிபெயர்ப்பு மேசை: தெரியும் சேர், சரியாகச் சொன்னீர்கள். அங்கே ஷல்லுக்கு ஒரே பொருள் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது 2007இல் ஷல்லை எடுத்தேவிட்டார்கள்.

ஓய்வுநிலை ஆசான்: அமெரிக்கன் ஆங்கிலம் நமக்கெதற்கு? நமது சட்டங்களில் ஷல் இருக்கிறது.

மருதமுனை நானா: மகளுக்கு ஓ.எல் பேப்பரில் இது வருமா சேர்?

கல்லடிப் பாலம்: வட்டைக்காரன், பதிவான யாப்பு என்றால் சொல்லை மாற்றுவதே திருத்தம். பொதுக்கூட்டத்தில் வைக்காமல் கொடுத்துவிடாதீர்கள். விளக்கப் பிரதி என்று மேலே எழுதிக் கொடுத்தால் வேறு கதை.

வட்டைக்காரன்: நன்றி எல்லாருக்கும். 41இல் 23தான் மஸ்ட் ஆக நின்றது, வில் ஒன்றுகூட இல்லை. 12ஐத் தலைவரிடம் கேட்டேன், ‘வழமையாக ஆரோ கொடுப்பாங்க’ என்கிறார்.