எடிட்டிங் மெதுவாகப் போகிறது என்று நினைத்தேன், கோளாறு ஸ்கிரிப்டில் இருந்தது

மலர் டீச்சர், ரோஸ் ஹில்

நானும் என் தம்பியும் மொரிஷியஸ் தமிழ் வீட்டுச் சமையலை வாரம் ஒரு வீடியோவாகப் போடுகிறோம். வெள்ளி மாலை ஆறு மணிக்கு வரும், அப்போது தமிழ்நாட்டில் ஏழரை. எனக்குப் பள்ளிக்கூட வேலை, அவனுக்கு ஹோட்டல் வேலை, அதனால் சனிக்கிழமை காலை ஒன்றுதான் சேர்ந்து ஷூட் பண்ணக் கிடைக்கிறது. ஞாயிறு மதியம் எடிட்டிங் தொடங்கும், செவ்வாய் புதன் இரவுகளிலும் அதுவே ஓடும், வியாழன் அப்லோட். திங்கட்கிழமை அடுத்த வாரத்து ஸ்கிரிப்ட். அதாவது எந்த நாளிலும் கையில் இரண்டு வீடியோ இருக்கும், ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று நோட்டில்.

பேப்பரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடைமுறையில் புதன் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தேன், பன்னிரண்டு நிமிட வீடியோவுக்குப் பதினான்கு மணி நேரம். கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்க வேண்டும் என்று தம்பியிடம் சண்டை. அவன் சொன்னான், அக்கா, ஒரு வாரம் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதி வை, அப்புறம் வாங்கலாம்.

எழுதினேன். பதினான்கில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நான் எதையும் வெட்டவே இல்லை, இல்லாத ஷாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்!

அந்த வாரத்து வீடியோ ஏழு கறிச் சமையல். "பருப்பு இந்த அளவுக்கு ஊறியிருக்க வேண்டும், விரலில் நசுக்கினால் உடையணும்" என்று பேசியிருக்கிறேன், விரலில் நசுக்குகிற ஷாட் இல்லை. பலாக்காய் கறியில் புளி ஊற்றியதும் நிறம் மாறுவதைப் பாருங்கள் என்கிறேன், கேமரா என் முகத்தில் நிற்கிறது. செவ்வாய் இரவு தம்பி கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கி வந்து மறுபடி ஊற வைத்து, புதன் இரவு அந்த ஒரு ஷாட் எடுத்தோம். சனிக்கிழமை எடுத்ததெல்லாம் ஜன்னல் வெளிச்சம், இது டியூப்லைட். ஒட்டவே இல்லை, ஒரே பருப்பு இங்கே மஞ்சள், அங்கே பச்சை. நிறத்தைச் சரிபண்ண மட்டும் இரண்டு மணி நேரம். உங்களுக்கும் இப்படி வேறு நாளின் வேலை எடிட்டிங் நாளில் வந்து விழுந்திருக்கிறதா?

கடல்காற்று, மாயேபூர்

டீச்சர், வெள்ளியைவிட ஞாயிறு நல்லது. என் மச்சான் ஞாயிறு காலைதான் போடுகிறான், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

மலர் டீச்சர்

எந்த நாள் நல்லது என்று நான் கேட்கவில்லை அண்ணா. சரி, அதையும் யோசிக்கிறேன்.

பழைய வீடியோக்காரன், வாக்வா

இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான், அங்கே மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது, அதனால் இந்தப் பாடம் சீக்கிரம் வந்துவிடும். ஸ்கிரிப்டை ஒரே பத்தியாக எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் நீங்கள் பேசுவது, வலது பக்கம் அந்த நேரத்தில் திரையில் தெரிவது. வலது பக்கம் காலியாக இருக்கிற ஒவ்வொரு வரியும் புதன்கிழமை உங்களைத் தூங்க விடாது. அதை எழுதும்போதே தெரிந்துகொள்ளலாம், அதுதான் இதன் லாபம்.

இன்னொன்று. சமையலில் சில ஷாட் திரும்பி வராது. தாளிப்பு, மாவு பொங்குவது, கறி முதலில் கொதிப்பது. அவற்றுக்கு வலது பக்கத்தில் சிவப்புக் குறி போடுங்கள். ஷூட்டில் தம்பி டிக் அடித்துக்கொண்டே வரட்டும், சட்டியைக் கழுவும் முன் பட்டியல் முழுக்கப் பார்க்க வேண்டும். சட்டி கழுவிய பிறகு பார்த்துப் பயனில்லை.

யூட்யூப் ராசா, பெல் ரோஸ்

இதெல்லாம் எதற்கு? ஒரே சனிக்கிழமையில் நாலு வீடியோ எடுத்துவிடுங்கள், மாதம் முழுக்க எடிட்டிங் மட்டும். நான் அப்படித்தான். அப்புறம் ஒரு நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேர எடிட்டிங், அது எல்லோருக்கும் அப்படித்தான், குறையாது.

பழைய வீடியோக்காரன்

தம்பி, நீங்கள் போன் ரிவ்யூ பண்ணுகிறீர்கள், மேசையும் விளக்கும் மாறாது, நாலு எடுக்கலாம். சமையலில் நாலு என்றால் இரண்டாவதிலேயே அடுப்படி புகை, டீச்சரின் குரல் கம்மிவிடும், வெளிச்சம் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கும். அதிலும் க்யூர்பிப் பக்கம் வீடு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். ஆனால் ஸ்கிரிப்டை மட்டும் நாலு சேர்த்து எழுதலாம், அதில் நீங்கள் சொல்வது சரி. நிமிடத்துக்கு ஒரு மணி என்பது ஷாட் எல்லாம் கையில் இருந்தால் வருகிற கணக்கு. டீச்சருக்குப் பதினான்கில் ஐந்து தேடுவதில் போயிருக்கிறது, அது எடிட்டிங்கே இல்லை.

சேந்தனி வாசி, ரெயூனியன்

எனக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. நான் தமிழ் எழுத்து சொல்லித்தருகிறேன், முகம் மட்டும்தான், எடிட்டிங் இரண்டு மணி நேரத்தில் முடியும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வர வேண்டியதை ஐந்தரைக்கு ஏற்றி உடனே பப்ளிக் பண்ணுவேன். வந்து பார்த்தவர்கள் எழுத்தே மங்கலாகத் தெரிகிறது என்றார்கள். எழுத்து சொல்லித்தருகிற வீடியோவில்! இப்போது வியாழனே ஏற்றி, பிரைவேட்டாக வைத்து நேரம் குறித்துவிடுகிறேன்.

பழைய வீடியோக்காரன்

அது யூடியூப் முதலில் குறைந்த தரத்தில் தயார் பண்ணி, பெரிய தரத்தைப் பிறகு சேர்ப்பதால். 4கே என்றால் இன்னும் தாமதம். அப்லோட் நாளும் வெளியிடும் நாளும் வேறாக இருப்பதற்குக் காரணமே இதுதான். இன்னொரு நன்மை, இடையில் ஒரு இரவு கிடைக்கிறது, ஹாலில் யாராவது ஒருவரை உட்காரவைத்து முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். டைட்டிலில் எழுத்துப்பிழை அப்போதுதான் கண்ணில் படும்.

மலர் டீச்சர்

ஆறு வாரம் ஆயிற்று, சொல்கிறேன். கோடு போட்டு எழுதுகிறேன். திங்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்த ஸ்கிரிப்ட் இப்போது இரண்டரை மணி நேரம் எடுக்கிறது, முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எடிட்டிங் ஒன்பது மணி நேரத்துக்கு வந்துவிட்டது, புதன் பத்தரைக்குப் படுக்கிறேன். கம்ப்யூட்டர் அதே பழசு. பன்னிரண்டு நிமிடம் பேச எனக்கு ஏறக்குறைய ஆயிரம் சொல் போதும், முன்பு ஆயிரத்து நானூறு எழுதிவிட்டு எடிட்டிங்கில் வெட்டிக்கொண்டிருந்தேன், அந்த வேலையும் போயிற்று.

தீராதது ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் பெலால் புயல் 15ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமை எடுத்த ஷாட் எல்லாம் கார்டில் இருக்க, எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, அந்த வெள்ளி வீடியோ போகவில்லை. அது தைப்பூசக் காவடி விரதச் சமையல். காவடி 25ஆம் தேதி வியாழன், அடுத்த வெள்ளி 26. காவடிக்கு மறுநாள் விரதச் சமையல் போட்டு யார் பார்ப்பது? அது இன்னும் கார்டிலேயே இருக்கிறது.

யூட்யூப் ராசா

அதற்குத்தான் சொன்னேன், முன்னாடியே எடுத்து வைக்கணும்.

மலர் டீச்சர்

எல்லா வாரத்துக்கும் பொதுவான ஒரு வீடியோ, சட்னி மாதிரி, முடித்து வைத்திருக்கிறேன் தம்பி, புயல் வந்தால் வெள்ளி காலியாகப் போகாது. ஆனால் காவடிச் சமையலை எப்போது எடுப்பது? கொடியேற்றத்துக்கு முன்னால் எடுத்தால் எங்கள் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், விரதம் தொடங்காமல் விரதச் சாப்பாடா என்பார். பின்னால் எடுத்தால் எடிட்டிங்குக்கு நாள் இல்லை.

பழைய வீடியோக்காரன்

அம்மாவை நான் எதிர்க்க மாட்டேன்.

சேந்தனி வாசி, ரெயூனியன்

அப்போது எடுத்ததை இந்த வருடம் போடுங்களேன், கார்டில்தான் இருக்கிறதே?

மலர் டீச்சர்

தம்பி அதில் தாடி வைத்திருக்கிறான். ஆனாலும் இன்று இரவு எடுத்துப் பார்க்கிறேன்.