ஈரத்தலையில் டை போட்டதால் நரை வெளுத்து நிற்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். பாலக்கோட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு மாதாமாதம் நான்தான் டை போட்டுவிடுவேன். கரும்பழுப்பு கிரீம் 30 மில்லி, டெவலப்பர் 30 மில்லி, 35 நிமிடம். காய்ந்த தலையில் எப்போதும் நன்றாகப் பிடிக்கும்.

போன ஞாயிறு தலைக்குக் குளித்து வந்தவருக்குத் துண்டால் துவட்டியதோடு சரி, ஈரம் உலராமலே பூசிவிட்டேன். தயிர் போல ஒட்டவேண்டிய கலவை மோர் போல நெற்றியில் வழிந்தது. அலசிப் பார்த்தால், நுனி முடி பழையபடி கருமையாக இருக்கிறது. நெற்றியோரமும் காதோரமும் நரை மட்டும் டீத்தண்ணீர் நிறத்தில் தெரிகிறது.

முடியில் இருந்த தண்ணீர் சாயத்தையும் பெராக்சைடையும் சேர்த்தே நீர்க்கச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். நுனியில் பழைய சாயம் இருப்பதால் அங்கே குறை தெரியவில்லை. நரைக்கோ கலவை முழு வீரியத்தோடு வேண்டும்.

பார்லர் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: நன்றாக உலர்த்தி, வேர்ப்பகுதி நரைக்கு மட்டும் இப்போதே மறுபடி போடலாமா? இரண்டு வாரம் பொறுக்க வேண்டுமா? எரிச்சல், அரிப்பு எதுவும் இல்லை. அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அம்மா கண்ணாடி முன்னால் நின்று நின்று வருத்தப்படுகிறார்.