10E பேப்பர்ல கொடுத்தும் 89 ரிலீஃப் தள்ளிட்டாங்க, வரி கட்டச் சொல்லி வந்திருக்கு, என்ன பண்றது?

சாக்பீஸ்88:
எல்லாருக்கும் வணக்கம். நான் உதவி பெறும் பள்ளியில பட்டதாரி ஆசிரியர். 2022 ஜூன்ல சேர்ந்தேன், ஆனா நியமன ஒப்புதல் வர்றதுக்கு 2024 டிசம்பர் ஆகிடுச்சு, அதுவரைக்கும் அரசு சம்பளம்னு ஒரு பைசா இல்ல. 2025 பிப்ரவரில மொத்தமா ஒரே பில்லு, 17,70,000. அக்கவுண்ட்ல மெசேஜ் வந்தப்போ நாலு தடவ சைபர எண்ணிப் பாத்தேன்.

வரி பயங்கரமா வரும்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க, ஆபீஸ்ல இருந்த கிளார்க் பழைய வருஷ அரியருக்கு வரிய குறைக்கற 89 ரிலீஃப் இருக்கு சார்னு சொல்லி ஒரு 10E ஃபார்ம் பிரிண்ட் எடுத்து நிரப்பி கையெழுத்து வாங்கிக்கிட்டார். படிவம் 16-லயும் ரிலீஃப் 2,28,800-னு போட்டு 15,080 மட்டும் டிடிஎஸ் பிடிச்சாங்க. நானும் ஆகஸ்ட்ல ஐடிஆர்-1 போட்டேன், புது ரெஜிம், ரிலீஃப் கட்டத்துல அதே தொகைய போட்டேன். இப்போ வரித் துறையில இருந்து 143(1) அறிவிப்பு வந்திருக்கு, ரிலீஃப் பூஜ்யம்னு போட்டு மொத்தத்தையும் வட்டியோட கட்டச் சொல்றாங்க. கிளார்க்கிட்ட கேட்டா "நான் ஃபார்ம் ஃபைல்ல வச்சிருக்கேன் சார்"ங்கறார். என் தப்பா அவங்க தப்பா? இனி வழி இருக்கா?

மஞ்சப்பை_மணி:
எனக்கும் இதே பிரச்சனதான் ப்ரோ. ஜனவரியில இருந்து வர வேண்டிய டிஏ அரியர் மார்ச்ல சேத்து வந்துச்சு, 10E போடலாம்னு பாத்தா ரிலீஃப் சைபர்னு காட்டுது, போர்ட்டல்ல ஏதோ பக் போல.

நெல்லைத்தம்பி:
மணி, பக் எல்லாம் இல்ல. ஜனவரியும் மார்ச்சும் ஒரே நிதியாண்டுதான, முந்தின வருஷத்துப் பணமா இருந்தாத்தான் ரிலீஃப்.

சாக்பீஸ் சார், புது ரெஜிம் எடுத்தா கழிவு எதுவும் கிடையாதுல்ல, அதனாலதான் 89-உம் தூக்கிட்டாங்க. பழைய ரெஜிமுக்கு மாத்திப் போட்டா கிடைக்கும்னு நினைக்கிறேன். இன்னொன்னு, 22-23, 23-24 ரெண்டு வருஷத்துக்கும் பழைய ரிட்டர்ன திருத்திப் போடணும், அந்தந்த வருஷத்துல வருமானம் கூடுதுல்ல.

பழைய_பேரேடு:
தம்பி நெல்லை, மணிக்கு சொன்னது சரி, சாக்பீஸுக்கு சொன்ன ரெண்டுமே தப்பு. 89-ங்கறது கழிவு இல்ல, கணக்குப் போட்டு முடிச்ச வரியில இருந்து குறைக்கிற தொகை, புது ரெஜிம்லயும் உண்டு. பழைய வருஷ ரிட்டர்ன தொடவே வேண்டாம். பணம் வந்த வருஷத்துலதான் வரி, பழைய வருஷம் எல்லாம் 10E-க்குள்ள கணக்குக்கு மட்டும்தான்.

சாக்பீஸ் சார், நான் 31 வருஷம் சம்பளப் பில் போட்டவன், உங்க கேஸ் மாதிரி நிறைய பாத்தாச்சு. பேப்பர் 10E உங்க ஆபீஸுக்கு டிடிஎஸ் குறைக்கறதுக்கு மட்டும்தான் உதவும். வருமான வரித் துறைக்கு அது தெரியவே தெரியாது. அவங்க கம்ப்யூட்டர் உங்க ரிட்டர்ன்ல ரிலீஃப் தொகைய பாத்ததும் இந்த பான் நம்பர்ல 10E ஆன்லைன்ல வந்திருக்கான்னு தேடும், இல்லன்னா பேசாம பூஜ்யமாக்கிடும். நடந்தது இதுதான். கிளார்க் மேல முழுசா பழி போட முடியாது, ஆனா ஆன்லைன்ல போடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.

வருஷவாரியா தொகை எவ்வளவுன்னு, வர வேண்டியதும் வாங்கினதும் மாசவாரியா இருக்கற ட்யூ-டிரான் ஸ்டேட்மெண்ட்ட பாத்து போடுங்க, தொகையே சரியான்னு முதல்ல பாத்துருவோம்.

சாக்பீஸ்88:
ரொம்ப நன்றி ஐயா. 2022-23-ல பத்து மாசத்துக்கு 5,10,000. 2023-24 முழுசும் 6,60,000. மீதி 6,00,000 போன ஏப்ரல்ல இருந்து ஜனவரி வரைக்கும் உள்ளது. அப்புறம் பிப்ரவரி, மார்ச் சம்பளம் 1,20,000 தனியா வந்துச்சு.

பழைய_பேரேடு:
அந்த 6,00,000 அதே நிதியாண்டு, 10E-க்குள்ள வராது. பில்லு ஒன்னா வந்ததால மொத்தத்தையும் அரியர்னு போட்டுடறவங்க உண்டு, உங்க கிளார்க் அதுல தப்பு பண்ணல. அரியர் 11,70,000, அந்த வருஷ சம்பளம் 7,20,000.

இப்போ கணக்கு. எல்லாம் சேத்து 18,90,000, நிலைக் கழிவு 75,000 போக 18,15,000. புது ரெஜிம்ல வரி 2,34,500, செஸ் சேத்தா 2,43,880. அரியரே வரலன்னு வச்சுக்கிட்டா 6,45,000 தான், 7 லட்சத்துக்குள்ள இருக்கறதால ரிபேட்ல வரி பூஜ்யம். ஆக அரியரால ஏறின வரி முழு 2,43,880.

அடுத்து அந்தப் பணம் அப்பவே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாக்கணும். 2023-24-ல இருந்து புது ரெஜிம்தான் தானா வரும், 6,60,000 ரிபேட்டுக்குள்ள அடங்கிடுது, வரி இல்ல. 2022-23-க்கு பழைய ரெஜிம், அதுல 5 லட்சம் வரைக்கும்தான் ரிபேட். நீங்க 10,000 தாண்டிட்டீங்க, அந்த பத்தாயிரத்துக்காக மொத்த ரிபேட்டும் போயிடுது. 12,500-உம் மேல 2,000-உம் சேந்து 14,500, செஸ்ஸோட 15,080. அப்போ ரிலீஃப் 2,43,880-ல 15,080 போக 2,28,800. படிவம் 16-ல இருக்கற தொகை ரூபா சுத்தமா சரி.

வக்கீல்குமாஸ்தா:
ஐயா ஒரு சந்தேகம். 22-23-ல சம்பளம்னு வந்திருந்தா நிலைக் கழிவு 50,000 கிடைச்சிருக்கும்ல? அப்போ 4,60,000, வரியே கிடையாது. எங்க ஆடிட்டர் அப்படிக் கழிச்சுத்தான் போடுவார், இதுவரைக்கும் பிரச்சன வந்ததில்ல.

பழைய_பேரேடு:
நான் அப்படிப் போட மாட்டேன். 10E-ல Table A பாருங்க, அந்த வருஷத்து மொத்த வருமானம் ஒரு கட்டம், அரியர் இன்னொரு கட்டம், ரெண்டையும் கூட்டி வரி. நடுவுல கழிக்க இடமே இல்ல. இதே சம்பளத்துக்குத்தான் இந்த வருஷம் 75,000 கழிச்சாச்சு, திரும்ப இன்னொரு தடவ எப்படி?

வக்கீல்குமாஸ்தா:
75,000 இந்த வருஷ சம்பளத்துக்கே கிடைக்கறதுதானே ஐயா, அரியருக்குன்னு தனியா என்ன கிடைச்சுது? ரிலீஃபோட நோக்கமே அப்ப வந்திருந்தா எவ்வளவு வரின்னு பாக்கறதுதான்.

பழைய_பேரேடு:
நோக்கம் நீங்க சொல்றது நியாயம்தான், நான் ஃபார்ம் கேக்கறபடி போடறேன். 15,080-க்காக நோட்டீஸ் வாங்கற தெம்பு எனக்கு இல்ல, அவ்வளவுதான்.

கௌரி_திருச்சி:
எல்லாருக்கும் இப்படி லட்சக்கணக்கா கிடைக்கும்னு யாரும் நினைச்சுக்காதீங்க. எங்க அம்மாவுக்கு குடும்ப ஓய்வூதிய அரியர் வந்துச்சு, அதுக்கும் 10E உண்டுன்னு சொன்னாங்க, உக்காந்து போட்டுப் பாத்தா ரிலீஃப் பூஜ்யம். பழைய வருஷங்கள்ல பழைய ரெஜிம்ல 20 சதவீதத்துல விழுது, இந்த வருஷம் புது ரெஜிம்ல 10 சதவீதம்தான். லேட்டா வந்ததுல எங்களுக்கு லாபம்னு ஆகிடுச்சு, சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

பழைய_பேரேடு:
அது சரியான பதிவு மேடம். பழைய வருஷங்களோட கூடுதல் வரி இந்த வருஷத்து கூடுதல விட அதிகமா இருந்தா ரிலீஃப் இல்ல, அதுக்காக கூடுதலா வரியும் கேக்க மாட்டாங்க. அப்போ 10E போடவே வேண்டாம்.

சாக்பீஸ் சார், ஃபார்ம் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டரை வருஷம் சம்பளம் இல்லாம எதுல சாப்பிட்டீங்க? வேற வருமானம் இருந்தா அந்த வருஷத்து கட்டத்துல அது வரணும். பூஜ்யம்னு போட்டா கணக்கு பொய்யாயிடும்.

சாக்பீஸ்88:
கேட்டதும் பக்குன்னு ஆயிடுச்சு ஐயா. 22-23-ல சாயங்காலம் டியூஷன் எடுத்தேன், வருஷத்துக்கு 90,000 வந்திருக்கும். லிமிட்டுக்குள்ளங்கறதால ரிட்டர்ன் எல்லாம் போடல. 23-24-ல டியூஷன் இல்ல, வீட்டுக்காரம்மா சம்பளத்துல ஓடுச்சு, என் பேர்ல சேமிப்புக் கணக்கு வட்டி ஏதோ ஆயிரத்து சொச்சம். கிளார்க் இதெல்லாம் கேக்கவே இல்ல.

பழைய_பேரேடு:
23-24 தப்பிச்சுது, அங்க உங்களுக்கு 7 லட்சத்துக்கு 40,000 தான் இடம் இருந்துச்சு, டியூஷன் தொடர்ந்திருந்தா அதுவும் மாறியிருக்கும். 22-23 மாறுது. 90,000-உம் 5,10,000-உம் சேத்தா 6,00,000, வரி செஸ்ஸோட 33,800. டியூஷன் மட்டும்னா வரி இல்ல, ஆக கூடுதல் 33,800. ரிலீஃப் 2,10,080-ஆ குறையுது. ஏற்கனவே பிடிச்ச 15,080 போக 18,720 நீங்க வட்டியோட கட்டணும். வலிக்கும், ஆனா ரெண்டு லட்சத்துக்கு மேல மிச்சம்.

இப்போ செய்ய வேண்டியது. போர்ட்டல்ல e-File, Income Tax Forms போய் Form 10E எடுங்க. மதிப்பீட்டு ஆண்டு கேக்கும்போது பணம் வந்த வருஷத்துக்கான 2025-26 போடணும், 2023-24 போட்டுட்டு முழிக்கறவங்கதான் அதிகம். Annexure I-ல உங்களுது. ஆதார் ஓடிபி போட்டு சப்மிட் ஆகி அக்னாலெட்ஜ்மெண்ட் வந்தப்புறம்தான் ரிட்டர்ன தொடணும், வரிசை மாறக் கூடாது. அப்புறம் 18,720-ஐ கட்டிட்டு 139(5)-ல திருத்திய ரிட்டர்ன், 2025 டிசம்பர் 31-க்குள்ள.

வக்கீல்குமாஸ்தா:
ரெக்டிஃபிகேஷன் போட்டா போதாதா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு 10E லேட்டா போட்டு 154-ல கேட்டு கிடைச்சுது.

பழைய_பேரேடு:
கிடைச்சவங்களும் உண்டு, ரிட்டர்னுக்கு அப்புறம்தான 10E போட்டீங்கன்னு தள்ளினதும் உண்டு. டிசம்பர் தாண்டிப் போச்சுன்னா வேற வழியில்லாம அத முயற்சி பண்ணலாம். இவருக்கு இன்னும் நாள் இருக்கு, அதுவும் ரிலீஃப் தொகையே மாறுது, திருத்திய ரிட்டர்ன்தான் சுத்தம்.

சாக்பீஸ்88:
நேத்து ராத்திரி உக்காந்து முடிச்சேன். முதல் தடவ 10E-ல மதிப்பீட்டு ஆண்ட ஐயா எச்சரிச்ச மாதிரியே தப்பா போட்டேன், நல்லவேளை சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பாத்துட்டேன். 10E அக்னாலெட்ஜ்மெண்ட் வந்துச்சு, வரி கட்டி திருத்திய ரிட்டர்னும் போட்டு வெரிஃபை பண்ணியாச்சு. நிலைக் கழிவு கழிக்கல, ஐயா சொன்னபடியே போட்டேன். ஆனா Response to Outstanding Demand-ல அந்தப் பழைய டிமாண்ட் இன்னும் நிக்குது.

பழைய_பேரேடு:
அதுல உடன்படலன்னு குறிச்சு, திருத்திய ரிட்டர்ன் போட்ட விவரத்த எழுதிடுங்க. சும்மா விட்டா வேற ரீஃபண்டுல எடுத்துக்குவாங்க. ட்யூ-டிரான் நகல் ஒன்னு உங்க கையில இருக்கட்டும், கிளார்க் ஃபைல நம்பாதீங்க.

சாக்பீஸ்88:
குறிச்சுட்டேன் ஐயா. நகல் கேட்டதுக்கு கிளார்க் நாளைக்கு வாங்கன்னார். கூட வேலை பாக்கற இன்னும் ரெண்டு பேருக்கும் இதே பில்லுதான், அவங்களும் பேப்பர்லதான் கொடுத்திருக்காங்க, இப்பதான் போன் போட்டு சொன்னேன்.