நெட் முப்பதை மரக்கறி சப்ளையருக்கு விளக்கினவங்க இருக்கீங்களா?

ஸ்டோர்ஸ்காரன், நுவரெலியா

எங்க ஹோட்டலுக்கு கரட், லீக்ஸ், கோவா கொண்டுவர்ற கந்தப்பளை அண்ணனுக்கு முதல் தடவையா அச்சடிச்ச பீ.ஓ., அதாவது கொள்முதல் ஓர்டர், குடுத்தோம். அடியில "2/10, நெட் 30". அடுத்த லொறியில கரட் முழுக்க முப்பது கிலோ மூட்டையா வந்து இறங்குது. "நீங்கதானே தம்பி நெட் முப்பதுன்னு போட்டிருந்தீங்க?" உர மூட்டையில நெட்னா எடை. அவர் படிச்சது தப்பில்ல.

"முப்பது நாள்ல முழுக்காசு, பத்து நாளுக்குள்ள தந்தா நூற்றுக்கு ரெண்டு கழிப்போம்"னு சொன்னேன். தலையாட்டினார். பத்தாம் நாள் காலையில கணக்குக் கந்தோர் வாசல்ல நிக்கிறார். "ரெண்டு வீதத்தைக் கழிச்சிட்டு மிச்சத்தைக் குடுங்க." அந்தப் பத்து நாள் நாங்க விரும்பினா எடுத்துக்கிற சலுகை, அவர் கேட்டு வாங்குற காசு இல்லங்கிறத நான் சொல்லவே இல்ல. அவர் முகம் இன்னும் கண்ணுல நிக்குது. நீங்க எப்படிச் சொல்லுவீங்க?

ஹட்டன் லெட்ஜர்

இதுல குழம்ப என்ன இருக்கு? 150,000 ரூபா பில்லுக்கு ரெண்டு வீதம் 3,000. பேங்க் வட்டியோட பார்த்தா ரெண்டு வீதம் ஒண்ணுமே இல்ல. நான் எல்லா சப்ளையருக்கும் "கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்கோங்க"ன்னுதான் சொல்றது.

வெலிமடை அக்கா

லெட்ஜர் தம்பி, பேங்க் சொல்றது வருஷ வட்டி. இந்த ரெண்டு வீதம் இருபது நாளுக்கு, பத்தாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் நடுவுல உள்ள இருபதுக்கு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது.

சப்ளையர்கிட்ட வருஷக்கணக்கு பேசினா ஏறாது. அவங்க பாஷை "நூற்றுக்கு மாசம் எவ்வளவு". அதுலயே சொல்லுங்க. பத்தாம் நாள் கையில வர்றது 147,000. அதே காசை வெளியில இருபது நாளுக்குக் கடன் வாங்கினா, மாசம் நூற்றுக்கு 2 வட்டியில 1,960 ரூபா. 3 வட்டியில 2,940. 4 வட்டியில 3,920. விட்டுக்கொடுக்கிறது 3,000. ஆக மாசம் மூணு வட்டிக்கு மேல கடன் வாங்கி உரமும் விதையும் எடுக்கிறவருக்கு இந்தக் கழிவு லாபம். அதுக்குக் கீழ வாங்குறவருக்கு நட்டம். கடனே இல்லாதவருக்கு 3,000 சும்மா போகுது.

இன்னொண்ணு. கழிவு முழு பில்லுல விழுது, லாபத்துல இல்ல. 500 கிலோ கரட்டை 300க்குக் குடுத்து கிலோவுக்கு 20 ரூபா நிக்குதுன்னா மொத்த லாபம் 10,000. அதுல 3,000 போனா மிச்சம் 7,000. "ரெண்டு வீதம்"னு கேக்குறப்போ சின்னதா இருக்கும், லாபத்துல பார்த்தா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு.

ராகலை கொழுந்து

எங்க பக்கம் ஃபெக்டரிக்குக் கொழுந்து குடுத்தா அடுத்த மாசம்தான் காசு, நடுவுல அட்வான்ஸ் தருவாங்க. அப்போ அந்த அட்வான்ஸுக்கும் ரெண்டு வீதம் கழிக்கணுமா?

வெலிமடை அக்கா

இல்ல தம்பி, அது வேற. அட்வான்ஸ்ங்கிறது பின்னால வரப்போற காசுல ஒரு பங்கை முன்கூட்டித் தர்றது. கழிவுங்கிறது முழுக் கணக்கையும் சீக்கிரம் முடிச்சிக்கிறதுக்கு விட்டுக்கொடுக்கிற விலை.

கணக்கு மாமா, பண்டாரவளை

கேட்டது வேற, நான் சொல்லப்போறது வேற. பொறுத்துக்கோங்க. கழிவை விட அதிகமா சண்டை வர்றது முப்பதை எந்த நாள்ல இருந்து எண்றதுங்கிறதுல. சப்ளையர் லொறி கிளம்பின நாள்ல இருந்து எண்ணுவார். ஸ்டோர்ஸ் சரக்கு ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து எண்ணும். கணக்குப் பிரிவு பில் கைக்கு வந்த நாள்ல இருந்து எண்ணும். பீ.ஓ.வுல வெறும் "நெட் 30"னு மட்டும் இருந்தா மூணு பேரும் தங்களுக்குத் தாங்களே சரி.

ஒரு கணக்கைப் பாருங்க. மே 3 சரக்கு இறங்குது. பில்லை டிரைவர்கிட்ட குடுத்து விட்டாச்சு, அது கேட்டுலயே கிடந்து மே 6தான் கணக்குப் பிரிவுக்குப் போகுது. "பில் கிடைத்த நாளிலிருந்து"னு விதி இருந்தா கடைசி நாள் ஜூன் 5. அங்க செக் எழுதுறது மாசம் 10ம் 25ம் மட்டும்னா செக் ஜூன் 10. அதை பேங்க்ல போட்டு காசு சேர அடுத்த வேலை நாள். சரக்கு குடுத்து முப்பத்தொன்பது நாள் ஆச்சு. யாரும் ஏமாத்தல, ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வழிஞ்சது.

அதைவிடக் கெட்டது எடை வித்தியாசம். 500 கிலோ கொண்டுபோறார், நனைஞ்சது, ஒடைஞ்சது 40 கிலோவைத் திருப்பிடுறாங்க. ஸ்டோர்ஸ் சரக்கு ஏத்துக்கிட்டதுக்கு எழுதிக் குடுக்கிற ஜி.ஆர்.என். துண்டுல 460. பில் மட்டும் வீட்டுல முன்கூட்டி எழுதினது, 500. ரெண்டும் ஒத்துவராததால பில் மூலையில கிடக்கும். அவர் இருபத்தெட்டாம் நாள் கோல் எடுத்தாதான் "பில்லைத் திருத்திக் கொண்டாங்க"ம்பாங்க. புது பில், புது தேதி, முப்பது திரும்ப ஒண்ணுல இருந்து. அதனால பில்லை வீட்டுல எழுதாதீங்கன்னு சொல்லுங்க. ஜி.ஆர்.என். கையில வாங்கி, அதுல உள்ள எடையைப் பார்த்து ஸ்டோர்ஸ் வாசல்லயே எழுதி, பீ.ஓ. நம்பரைப் போட்டு, ரெண்டாவது கொப்பியில தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்கிட்டுத்தான் லொறி எடுக்கணும். அந்தக் கொப்பிதான் அவரோட கடிகாரம்.

ஹட்டன் லெட்ஜர்

சரி அக்கா, வருஷ வட்டின்னு நினைச்சுச் சொன்னது என் பிழை. ஆனா வழி இருக்கே. விலையை 300க்குப் பதிலா 306ன்னு போடச் சொல்லுங்க. கழிச்சாலும் 299.88 கையில. கழிக்கலைன்னா ஆறு ரூபா கூட.

கணக்கு மாமா, பண்டாரவளை

சோப்புக்கும் பெட்டிக்கும் சரி. கரட்டுக்கு நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்து விலையைக் காலையில கேட்டுட்டுத்தான் பீ.ஓ. போடுறாங்க. ஆறு ரூபா ஏத்தினா அடுத்த ஆள்கிட்ட போயிடுவாங்க.

கந்தப்பளை லொறி

நான் சப்ளையர் பக்கம். நீங்க எல்லாரும் சரியா விளக்கிட்டீங்க. ஒண்ணை யாரும் தொடல. பத்து நாளுக்குள்ள தந்தாதானே ரெண்டு? எனக்கு இருபத்திரெண்டாம் நாள் செக் வந்துச்சு, 150,000க்கு 147,000. கூட வந்த துண்டுல "டிஸ்கவுண்ட் 3,000". கோல் எடுத்தா "எல்லாருக்கும் அப்படித்தான் போகுது"ங்கிறாங்க.

வெலிமடை அக்கா

அது அவங்களுக்கு உரிமை இல்லாத கழிவு. பத்தாம் நாளோட அந்தச் சலுகை செத்துப்போச்சு. செக்கை பேங்க்ல போடுங்க, ஆனா "முழுக்கணக்கும் தீர்ந்தது"ன்னு எதுலயும் கையெழுத்து வேணாம். சீல் வச்ச கொப்பியையும் செக் தேதியையும் காட்டி 3,000 பாக்கின்னு ஒரு கடுதாசி குடுங்க. மாசக் கணக்கு ஸ்டேட்மென்ட்லயும் அந்த 3,000ஐ பாக்கியாவே காட்டிட்டு வாங்க.

கந்தப்பளை லொறி

கடுதாசி குடுத்தா அடுத்த பீ.ஓ. வருமாங்க?

ஸ்டோர்ஸ்காரன், நுவரெலியா

நான் வாங்குற பக்கம், உறுதியா வரும்னு சொல்ல முடியல. எங்க பீ.ஓ.வுல மட்டும் அந்த வரியை இப்படி மாத்தக் கேட்டிருக்கேன்: "பில் சீல் வைத்த நாளிலிருந்து 30 நாளில் முழுப்பணம். 10 நாளுக்குள் நாங்கள் செலுத்தினால் மட்டும் 2 வீதம் கழிப்போம். 11ஆம் நாளிலிருந்து கழிவு இல்லை." கணக்குப் பிரிவு கடைசி வரியை எடுக்கச் சொல்லுது.