ரோஸ்ல இருந்து டர்க்காய்ஸுக்கு ஓம்ப்ரே போட்டா நடுவுல கோடு விழுது, உதவுங்க

தண்டையார்பேட்டை தையல்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி நிச்சயத்துக்குன்னு ரெண்டரை மீட்டர் வெள்ளை காட்டன் துப்பட்டா வாங்கி ஒரு முனை ரோஸ், இன்னொரு முனை டர்க்காய்ஸ், நடுவுல மெதுவா வயலட்டா மாறணும்னு வீட்லயே டிப் டை பண்ணேன். சவுகார்பேட்டையில வாங்குன ரியாக்டிவ் டை, கோல்ட் வாட்டர்லயே பிடிக்கும்னு கடைக்காரர் சொன்னாரு. வாளியில சாயம், கல்லுப்பு, சோடா ஆஷ் எல்லாத்தையும் ஒண்ணா கரைச்சு, துப்பட்டாவை கொடியில இருந்து பாதி தொங்குற மாதிரி விட்டு அரை மணி நேரம் வச்சேன், அப்புறம் திருப்பி போட்டு அடுத்த கலர். காய்ஞ்சதும் பாத்தா நடுவுல கத்தி வச்சு வெட்டுன மாதிரி ஒரு டார்க் ரோஸ் கோடு, அதுக்கு மேல ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த ரோஸ், உடனே நீலம். வயலட்டே இல்ல. துவைக்கும்போது நீலம் மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கு. இதை காப்பாத்த முடியுமா, அடுத்த துணியில என்ன மாத்தணும்?

பெரம்பூர் பானு:
கோடு விழுந்ததுக்கு காரணம் துணி காய்ஞ்சு இருந்ததுதான் கண்ணு, காய்ஞ்ச துணி சாயத்தை மேல உறிஞ்சிக்கும், போய் நிக்கிற இடத்துல கோடு. முதல்ல நல்லா நனைச்சு பிழிஞ்சுட்டுதான் முக்கணும். நீலம் ஊத்துறதுக்கு ரெண்டு மூடி வினிகர், ஒரு கை கல்லுப்பு போட்ட தண்ணியில ஊற வை, கலர் லாக் ஆயிடும். நான் பட்டு ஸ்டோலுக்கு அப்படித்தான் பண்றேன்.

மின்ட் தெரு முருகன்:
பானு அக்கா நனைக்க சொன்னது கரெக்ட், ஆனா வினிகரை இதுல தயவு செஞ்சு ஊத்தாதீங்க. பட்டுக்கு ஆசிட் டை போடும்போது வினிகர் வேலை செய்யும். காட்டன்ல ரியாக்டிவ் சாயம் பிடிக்கிறதே சோடாவோட காரத்துல, வினிகர் அதை முறிச்சிடும். உப்பு சாயத்தை துணிக்குள்ள தள்ளத்தான் உதவும், பூட்டு போடாது.

இப்ப உங்க துணிக்கு வருவோம். காய்ஞ்ச துணி ஒரு காரணம்தான், பெரிய காரணம் சோடாவை ஆரம்பத்துலயே கலந்தது. சோடா இல்லாத வரைக்கும் சாயம் துணியில நகரும், தண்ணியில விட்டா பரவும். சோடா பட்ட நிமிஷத்துல இருந்து தொட்ட இடத்துல ஒட்டிக்க ஆரம்பிக்கும், அதுலயும் ரோஸ் ரொம்ப வேகம். நீங்க அசையாம தொங்க விட்டதால தண்ணி மட்டம் நின்ன இடத்துலயே ரோஸ் பூட்டிக்கிச்சு. டர்க்காய்ஸ் ரொம்ப மெதுவானது, அதுக்கு சூடும் நேரமும் வேணும். அரை மணியில எடுத்தா பாதி ஒட்டாமத்தான் இருக்கும், அதான் ஊத்துது.

அடுத்த துணிக்கு நான் பண்றதை சொல்றேன். முதல்ல சுடுதண்ணியில கொஞ்சம் சோடாவும் சோப்பும் போட்டு துவைச்சு கஞ்சியை எடுத்துடுங்க, பிழிஞ்சு ஈரமாவே வச்சுக்கோங்க. 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில 200 கிராம் உப்பு, தட்டையா ஒரு டீஸ்பூன் ரோஸ், சோடா வேணாம். முனையை முக்கி நடுவைத் தாண்டி ஒரு முழம் வரைக்கும் ஒரு செகண்ட் இறக்கி உடனே தூக்குங்க, அடுத்த தடவை நாலு விரல் கம்மியா, அதுக்கடுத்து இன்னும் கம்மியா, இப்படி ஒரு 15 நிமிஷம் கை நிக்கவே கூடாது, வாளிக்கு உள்ள முனை மட்டும்தான் முழு நேரமும் இருக்கணும். அப்புறம் துணியை வெளிய எடுத்துட்டு 50 கிராம் சோடாவை தனியா ஒரு சொம்பு சுடுதண்ணியில கரைச்சு வாளியில கலந்து, திரும்ப அதே ஏத்த இறக்கம் முக்கால் மணி நேரம். மேல ஓரத்தை இந்த தடவை ரொம்ப கொஞ்சமாத்தான் தொடணும், இருக்கிற லேசான சாயத்தை பூட்டினா போதும்.

ரோஸ் முனையை கீழ தொங்கவிட்டு, ஓடுற தண்ணி தெளியுற வரைக்கும் அலசிட்டுதான் மறுபக்கம் போகணும். டர்க்காய்ஸுக்கு சாயம் ரெண்டு மடங்கு போடுங்க, அது ரோஸ் பக்கத்துல தோத்துப்போற கலர். அதையும் நடுவைத் தாண்டி ஒரு முழம் லேசான ரோஸ் மேல ஏத்துங்க, அந்த ரெண்டு முழமும் ஒண்ணு மேல ஒண்ணு படுற இடத்துலதான் வயலட் வரும். உங்க துணியில ரெண்டு கலரும் ஒண்ண ஒண்ணு தொடவே இல்ல. கடைசியா நீல முனையை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ராத்திரி முழுக்க வச்சிட்டு, காலைல பச்சத்தண்ணி, அப்புறம் நல்ல சூடான தண்ணி, சோப்பு. ஒட்டாத சாயம் சூட்டுலதான் வெளிய வரும்.

பாக்கெட்ல எம் டைப்பான்னு பாருங்க. எச்இ-ன்னு போட்டிருந்தா அது கொதி சூடு கிட்ட கேக்குற சாயம், வாளியில முக்கி பிரயோஜனம் இல்ல.

வியாசர்பாடி விக்கி:
அண்ணா எனக்கும் இதே பிரச்சனை, ஷிபான் துப்பட்டா, நீங்க சொல்ற சோடா எல்லாம் போட்டும் அலசுனதும் மறுபடி வெள்ளையாவே வந்து நிக்குது. டூப்ளிகேட் சாயமா இது? நம்ம எம்.சி. ரோடுல வாங்குன துணி.

மின்ட் தெரு முருகன்:
விக்கி, துணி ஓரத்துல ஒரு நூலை உருவி நெருப்புல காட்டு. பேப்பர் எரியுற வாசனையும் சாம்பலும் வந்தா காட்டன் வகை, உருகி கெட்டியா மணி மாதிரி நின்னா பாலியஸ்டர். பாலியஸ்டர்ல இந்த சாயம் ஏறவே ஏறாது, அதுக்கு டிஸ்பர்ஸ் டை போட்டு கொதிக்க வைக்கணும்.

ராயபுரம் ரெஜினா:
சுங்குடி புடவை மாதிரி முடிச்சு போட்டா கோடு பிரச்சனையே இல்லையே, நூல் கட்டி முக்குங்க, ஒவ்வொரு முடிச்சும் பொட்டு பொட்டா அழகா வரும்.

தண்டையார்பேட்டை தையல்:
ரெஜினா அக்கா, எனக்கு பொட்டு வேணாம், கலர் மெதுவா மாறணும், அதான் முடிச்சு போடல. முருகன் அண்ணா, பாக்கெட்ல எம்-ன்னு தான் இருக்கு. இன்னொண்ணு, சோடா போட்டதும் தண்ணி பால் மாதிரி கலங்குச்சு, துணியில அங்கங்க வெள்ளை திட்டு. எங்க வீட்ல போர் தண்ணி, உப்பு கரிக்கும்.

மின்ட் தெரு முருகன்:
அதுதான் திட்டுக்கு காரணம். போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு சோடாவோட சேந்து வெள்ளை மாவா பிரிஞ்சு துணி மேல உக்காந்துடும், அங்க சாயம் ஏறாது. சாயத்துக்கு மட்டும் கேன் வாட்டர் எடுங்க, கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணி போதும். சாயப்பொடியை ஃபேனுக்கு கீழ பிரிக்காதீங்க, மூக்கை துணியால கட்டிக்கோங்க, சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க.

பழைய துணியில இருக்கிற கோட்டை எடுக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். ஒரு பங்கு ரோஸுக்கு மூணு பங்கு டர்க்காய்ஸ் கலந்து தண்ணியா வயலட் பண்ணி, சோடா சேத்து, ஈரத்துணியில கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு முழம் ஸ்பாஞ்சால ஒத்துங்க, ஓரத்துல வெறும் தண்ணி தொட்டு கரைங்க. கோடு அப்பவும் கொஞ்சம் டார்க்காத்தான் தெரியும், ஆனா வெட்டுன மாதிரி இருக்காது.

பெரம்பூர் பானு:
எனக்கு ஒரு விஷயம் ஒத்துக்கல. டர்க்காய்ஸ்தான் மெதுவா பிடிக்குதுன்னா அதை முதல்ல போட்டு ராத்திரி வச்சு அலசி முடிச்சிட்டு, அப்புறம் ரோஸுக்கு வரலாமே? கடைசில போட்டா ஊத்துற நீலம் ரோஸ் மேல படுமே.

மின்ட் தெரு முருகன்:
அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா டர்க்காய்ஸ் சுடுதண்ணி படும் வரைக்கும் கசிஞ்சிட்டே இருக்கும், அதோட ரோஸ் வாளிக்குள்ள போனா ரோஸே வயலட் அடிக்கும். சுடுதண்ணியில முழுசா அலசி எடுத்துட்டா உங்க முறையும் வரணும், நான் பண்ணி பாத்ததில்ல.

தண்டையார்பேட்டை தையல்:
ஒரே துணியில ரெண்டு கைக்குட்டை வெட்டி ஒண்ணு அண்ணா முறை, ஒண்ணு அக்கா முறைன்னு போட்டு பாக்குறேன். துப்பட்டா ஓரத்துல இருக்கிற தையல் நூல் மட்டும் வெள்ளையாவே நிக்குது, அதுவும் பாலியஸ்டரா?

வியாசர்பாடி விக்கி:
ஆமா அக்கா, அதுவும் பாலியஸ்டராத்தான் இருக்கும். எரிச்சு பாத்தேன், என்னுது மணி மாதிரி உருகிடுச்சு. டிஸ்பர்ஸ் டை இங்க எங்க கிடைக்கும், யாராவது சொல்லுங்க.